சொல்லை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள்

மதுரையில் யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வை எழுதித் தேறியவர் முதன்மைத் தேர்வுக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். ரயில் ஏறுமுன் அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில எண்கள் உண்டு. அவை எந்தப் புத்தகத்திலும் அச்சாகியிருக்காது, ஏனென்றால் அவை அவரவர் கையெழுத்தின் எண்கள். இந்த அத்தியாயம் தமிழில் மெயின்ஸ் எழுதுபவருக்காக. ஆங்கிலத்தில் எழுதுபவரும் இதே முறையைப் பின்பற்றலாம், கணக்குதான் மாறும்.

முதலில் வினாத்தாள் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். பொதுஅறிவுத் தாள்களில் முதல் மூன்றும் ஒரே அமைப்பு: மூன்று மணி நேரம், 20 வினாக்கள், 250 மதிப்பெண். முதல் பத்து வினாக்களுக்குத் தலா 10 மதிப்பெண், 150 சொற்கள். அடுத்த பத்துக்குத் தலா 15 மதிப்பெண், 250 சொற்கள். எல்லாமே கட்டாயம். கூட்டினால் 4,000 சொற்கள் வருகிறது. 180 நிமிடத்தில் 4,000 சொற்கள் என்றால், வினாவைப் படித்து யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு 22 சொற்களுக்கு மேல் எழுத வேண்டும்.

தமிழில் கையால் எழுதுபவர்களில் இந்த வேகம் உள்ளவர் மிகக் குறைவு. இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அந்த 150, 250 என்பது எந்த மொழியில் எழுதினாலும் ஒரே எண்தான். ஆனால் தமிழில் ஒரு சொல் சுமக்கும் பாரம் வேறு. ‘அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர்’ என்பது மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் எட்டுச் சொல் ஆகும். வேற்றுமை உருபு, எச்சம், செயப்பாட்டு வினை எல்லாம் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. எல்லா வாக்கியத்திலும் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆங்கிலச் சொல் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதாவது ஆங்கிலத்தில் 150 சொல்லில் சொல்லும் சங்கதி தமிழில் 100 சொல்லில் முடிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஆங்கில மாதிரி விடையைத் தமிழாக்கிப் படிக்கும் மாணவர், எண்ணிப் பார்த்து ‘நூறுதானே வருகிறது’ என்று நடுவே வெற்றுச் சொற்களைத் திணிக்கத் தேவையில்லை. 150 என்பது எட்டியே தீர வேண்டிய எண்ணும் அல்ல. பொதுஅறிவுத் தாளின் குறிப்பு, சொல் வரம்பை மனத்தில் கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. அதை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான வரம்பு உங்கள் கையின் வேகமும் கடிகாரமும்தான்.

இனி அந்த எண்களைக் கண்டுபிடிக்கலாம். பயிற்சிக்குக் கோடில்லாத ஏ4 தாளை எடுத்து, இருபுறமும் ஓரம் விட்டு, தெரிந்த ஒரு தலைப்பில் நிறுத்தாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். தேர்வில் பயன்படுத்தப்போகும் அதே பேனாவால் எழுதுங்கள். பக்கத்தின் நடுவில் உள்ள பத்து வரிகளை எடுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல் என்று எண்ணுங்கள். ‘1895இல்’ ஒரு சொல், ‘142 அடி’ இரண்டு சொல். பத்தால் வகுத்தால் வரிக்கு எத்தனை சொல் என்பது கிடைக்கும். பத்தியின் கடைசி வரி பாதியில் நின்றிருந்தால் அதைச் சேர்க்காதீர்கள். பிறகு பக்கத்துக்கு எத்தனை வரி என்று பாருங்கள். கடைசியாக, கடிகாரம் வைத்து ஐந்து நிமிடம் எழுதி, எண்ணி, ஐந்தால் வகுத்தால் நிமிட வேகம் கிடைக்கும்.

இந்த அளவை ஓய்வாக இருக்கும்போது எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். மூன்றாவது மணி நேரத்தில் கை களைத்து எழுத்து பெரிதாகும், வரி சரியும், வரிக்கு ஆறு சொல் வந்த இடத்தில் ஐந்துதான் வரும். அதனால் முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதி, மூன்றாம் விடையிலும் பதினெட்டாம் விடையிலும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் பின்பாதிக்கு வேறு வரி இலக்கு வேண்டும். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து மதுரையில் மூன்று மணி நேரம் நகராமல் உட்கார இடப் பஞ்சம் இல்லை. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தில் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரு மாணவியின் கணக்கைப் பின்பற்றுவோம். மேலூர்ப் பக்கத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 18 வரி, நிமிடத்துக்கு 16 சொல். ஒரு பக்கம் என்றால் 108 சொல்.

நேரத்தை அவர் இப்படிப் பிரிக்கிறார்: 10 மதிப்பெண் வினாவுக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண் வினாவுக்கு 10 நிமிடம். பத்து வினா வீதம் 70ம் 100ம் சேர்ந்து 170, மீதி பத்து நிமிடம் கையிருப்பு. ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் வினாவைப் படித்து யோசிக்கப் போய்விடும். மீதி ஆறு நிமிடத்தில் 96 சொல், அதாவது 16 வரி எழுதலாம். பத்து நிமிட வினாவில் யோசிக்க ஒன்றரை நிமிடம் போனால் 136 சொல், கிட்டத்தட்ட 23 வரி. ஆக அவருடைய இலக்கு 150ம் 250ம் அல்ல, 16 வரியும் 23 வரியும்தான். ஒரு பக்கத்துக்குச் சற்றுக் குறைவு, ஒரு பக்கமும் ஐந்து வரியும் என்று நினைவில் வைத்தால் போதும். தேர்வறையில் எதையும் எண்ணவே வேண்டாம், பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவர் பிடிவாதமாக 150 சொல் எழுதினால் என்ன ஆகும்? எழுத ஒன்பதரை நிமிடம், யோசிக்க ஒன்று, ஆகப் பத்தரை நிமிடம். ஒவ்வொரு வினாவிலும் மூன்றரை நிமிடம் கூடுதல். பத்து வினாவில் 35 நிமிடம் போய்விடும். கையிருப்புப் பத்து நிமிடமும் தீர்ந்து, கடைசியில் இரண்டு மூன்று 15 மதிப்பெண் வினாக்கள் தொடப்படாமல் நிற்கும். நீளமாக எழுதுவதன் தண்டனையை யாரும் சிவப்பு மையால் போடுவதில்லை. அது எழுதப்படாத கடைசி வினாக்களில் தானாக வந்து விழுகிறது. முதல் ஐந்து விடைகள் பிரமாதமாக இருந்தும் மதிப்பெண் வராதவர்களின் விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். ‘பெரியாறு பாசனத் திட்டம் மதுரைச் சமவெளியின் வேளாண்மையில் கொண்டுவந்த மாற்றங்களையும் அதன் வரம்புகளையும் ஆராய்க. (150 சொற்கள், 10 மதிப்பெண்)’. நம் பயிற்சிக்காக நானே அமைத்த வினா இது.

எழுதத் தொடங்கும் முன் வரிகளைப் பங்கிட வேண்டும். வினாவில் இரண்டு கிளை இருக்கிறது: மாற்றங்கள், வரம்புகள். 16 வரியில் தொடக்கத்துக்கு 2, மாற்றத்துக்கு 7, வரம்புக்கு 6, முடிவுக்கு 1. இதை எங்கும் எழுதி வைக்கத் தேவையில்லை. விடைத்தாள் ஓரத்தில் புள்ளியோ கோடோ போடவும் கூடாது, ஓரத்தில் எதுவும் எழுதக்கூடாது என்பது விதி. மனத்தில் ‘இரண்டு, ஏழு, ஆறு, ஒன்று’ என்று இருந்தால் போதும்.

நீளும் விடை எங்கே நீள்கிறது? பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே. இதைப் பாருங்கள்:

“தமிழ்நாட்டின் வரலாற்றில் மிகவும் முக்கியமான ஒரு இடத்தைப் பெற்று விளங்கும் மதுரை மாவட்டம் பன்னெடுங்காலமாக வைகை ஆற்றை மட்டுமே நம்பி வேளாண்மை செய்து வந்த ஒரு பகுதியாக இருந்து வந்துள்ளது என்பது அனைவரும் அறிந்த ஒன்றாகும்.”

26 சொற்கள். நம் மாணவிக்கு நாலு வரிக்கு மேல், ஒன்றரை நிமிடத்துக்கு மேல். மதிப்பெண் தரக்கூடிய சங்கதி அதில் ஒன்றுதான், வைகையை நம்பியிருந்தது. அதையே இப்படி எழுதலாம்:

“மழைக்காலத்தில் மட்டுமே ஓடிய வைகையை நம்பியிருந்த மதுரைச் சமவெளிக்கு 1895இல் பெரியாற்று நீர் வந்தது.”

11 சொற்கள். ஆண்டும் வந்துவிட்டது, திட்டமும் வந்துவிட்டது, இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. எங்கே வெட்டினோம் என்று கவனியுங்கள். ‘பெற்று விளங்கும்’, ‘இருந்து வந்துள்ளது’, ‘என்பது அனைவரும் அறிந்த ஒன்றாகும்’ ஆகிய மூன்றும் போய்விட்டன. பள்ளிக் கட்டுரையில் பழகிய இந்த வால்கள்தான் தமிழ் விடைகளை நீட்டுகின்றன. உங்கள் பழைய விடை ஒன்றை எடுத்து ‘என்பது’, ‘ஆகும்’, ‘விளங்குகிறது’, ‘காணப்படுகிறது’ ஆகியவற்றை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள். எந்த வால் உங்களுடையது என்பது தெரிந்துவிடும்.

நீளத்துக்கு இன்னொரு காரணம் நமக்குப் பிடித்த கதை. இந்த வினாவைப் பார்த்ததும் மதுரைப் பக்கத்து மாணவர் எவரும் பென்னிகுயிக்கை எழுதத் தொடங்கிவிடுவார். 1876-78 பஞ்சம், 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1887இல் தொடங்கிய கட்டுமானம், அவர் சொத்தை விற்று அணை கட்டியதாக ஊரில் சொல்லப்படும் கதை என்று அரைப் பக்கம் ஓடிவிடும். வினா அணை கட்டப்பட்ட வரலாற்றைக் கேட்கவில்லை. தெரிந்த விஷயம் என்பதற்காக எழுதிய ஒவ்வொரு வரியும் ‘வரம்புகள்’ என்ற கிளையிலிருந்து பிடுங்கிய வரி.

பன்னிரண்டாம் வரியில்தான் இதைக் கவனித்தீர்கள், மாற்றங்களே இன்னும் முடியவில்லை. என்ன செய்வது? எழுதியதை அடிக்காதீர்கள். அடித்தாலும் போன நேரம் திரும்பாது, தாள் அசிங்கமாவதுதான் மிச்சம். தவறான தகவலை மட்டும் ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்து, புதிய பத்தி தொடங்கி, ‘வரம்புகள்’ என்று சிறு தலைப்பிட்டு இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். முடிவுரை வேண்டாம். பாதிக் கேள்விக்கு முழு விடை எழுதியதைவிட, முழுக் கேள்விக்குச் சுருக்கமான விடை எழுதியது மேல். தாளில் இடம் மிச்சமிருக்கிறதே என்றும் தொடராதீர்கள். பத்து மதிப்பெண் வினாவுக்கு வழக்கமாக இரண்டு பக்கம் விடுவார்கள். அது எல்லா மொழிக்காரருக்கும் எல்லாக் கையெழுத்துக்கும் பொதுவாக விட்ட இடம்.

குறையும் விடை வேறு வகை. நம் மாணவி நாலாம் நிமிடத்தில் 8 வரி எழுதி, 48 சொல்லில் வந்து நின்றுவிட்டார். கடைசி வாக்கியம் ‘கால்வாயால் நெல் சாகுபடி பெருகியது’. எல்லாம் சொல்லிவிட்டது போலத் தோன்றுகிறது, ஆனால் மூன்று நிமிடம் கையில் இருக்கிறது. இங்கே பலரும் செய்வது, சொன்னதையே வேறு சொல்லில் திரும்ப எழுதி ‘எனவே’ என்று முடிப்பது. விடை திருத்துபவருக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அதற்குப் பதில் இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலில், கடைசியாக எழுதிய கூற்றுக்கு எங்கே, எப்படி என்று விடை இருக்கிறதா? இல்லை. அதனால் அடுத்த வாக்கியம்:

“பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர் வரை செல்வதால், கண்மாய் நிரம்பினால்தான் நடவு என்றிருந்த வயல்களில் நெல் உறுதியான பயிரானது.”

16 சொற்கள். வெறும் ‘பெருகியது’ என்ற கூற்றுக்கு இடமும் காரணமும் வந்துவிட்டன. அடுத்து வினாவின் இரண்டாம் கிளை. அதை அவர் தொடவே இல்லை:

“உசிலம்பட்டி வட்டாரத்துக்கு இந்தக் கால்வாய் எட்டவில்லை, 58 கிராமக் கால்வாய் என்ற தனித் திட்டம் அதற்காகவே பின்னர் தேவைப்பட்டது. அணை நீர்மட்டம் 1979க்குப் பின் 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கப்பட்டதும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்ததும், பாசனம் மாநிலங்களுக்கிடையிலான வழக்கைச் சார்ந்திருப்பதைக் காட்டுகின்றன.”

இது 34. மூன்று வாக்கியமும் சேர்ந்து 50 சொல், அவருடைய வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல். மொத்தம் 98. இலக்கு 96, நிறுத்திவிடலாம். 150க்கு 52 குறைகிறதே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. கேட்டது இரண்டும் விடையில் இருக்கிறது, பெயரும் ஆண்டும் இருக்கிறது.

குறுகிய விடை எழுதியவர் எப்போது உண்மையில் கவலைப்பட வேண்டும்? வினாவில் ‘உம்’ விகுதி இரண்டு முறை வந்தும் விடையில் ஒரு பத்தி மட்டுமே இருந்தால். அல்லது ஒரு பத்தி முழுக்க இடப்பெயர், ஆட்பெயர், எண் ஒன்றுகூட இல்லாவிட்டால். இந்த இரண்டும் இல்லை என்றால் அந்த விடை குறுகியது அல்ல, இறுக்கமானது.

குறிப்புக் குறிப்பாக எழுதுபவருக்கு ஒரு எச்சரிக்கை. பாதி வரியில் நிற்கும் குறிப்புகள் வரிக் கணக்கை ஏமாற்றும். 16 வரி நிரம்பியது போலிருக்கும், எண்ணினால் 60 சொல்தான் இருக்கும். அப்படி எழுதினால் இரண்டு அரை வரியை ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம், அம்புக்குறிப் படம் போட்டால் அதைச் சொல்லில் சேர்க்காமல் நேரத்தில் மட்டும் சேருங்கள்.

இதுவரை சொன்ன தாராளம் கட்டாயத் தமிழ்த்தாளுக்குப் பொருந்தாது. 300 மதிப்பெண் கொண்ட அந்தத் தாளில் 25 விழுக்காடு எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. ஆனால் எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தியும் பயனில்லை. அங்கே குறிப்பு கண்டிப்பாகவே இருக்கிறது: குறித்த நீளத்தைவிட மிகவும் கூடினாலோ குறைந்தாலோ மதிப்பெண் குறைக்கப்படலாம். 600 சொல் கட்டுரைக்கு 100 மதிப்பெண். நம் மாணவிக்கு அது 100 வரி, ஐந்தரைப் பக்கம், எழுத 38 நிமிடம். மதிப்பெண்ணுக்கேற்ற நேரம் ஒரு மணி என்பதால் இங்கே எண்ணை எட்ட முடியும், எட்டவும் வேண்டும்.

அதே தாளில் சுருக்கி வரைதல் இருக்கிறது, 60 மதிப்பெண். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும், தலைப்பு இடக்கூடாது. இங்கே எண்ணித்தான் ஆக வேண்டும், ஆனால் பத்தி முழுவதையும் அல்ல. அச்சிட்ட பத்தியில் ஐந்து முழு வரிகளை எண்ணுங்கள். 47 சொல் வந்தால் வரிக்கு 9.4. பத்தியில் 45 வரி இருந்தால் 423 சொல். மூன்றில் ஒன்று 141. உங்கள் கையெழுத்தில் வரிக்கு 6 என்றால் இருபத்து மூன்றரை வரி. ஒரு நிமிட வேலை. முதல் வரைவு 30 வரி வந்தால் சொல் சொல்லாகக் கிள்ளாதீர்கள். எடுத்துக்காட்டுகளையும் ஒரே கருத்தின் இரண்டாம் கூற்றையும் முழுதாக எடுத்துவிடுங்கள். 16 வரியில் நின்றுவிட்டால் மூலத்தின் ஒரு பத்தியை மொத்தமாக விட்டிருப்பீர்கள். பத்திக்குப் பத்தி விரல் வைத்துப் பார்த்தால் எது என்பது தெரியும்.

கட்டுரைத் தாளில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொல், தலா 125 மதிப்பெண், தலா 90 நிமிடம். 108 சொல் பக்கத்தில் அது ஒன்பதேகால் பக்கத்திலிருந்து பதினோரு பக்கம். பதினைந்து நிமிடம் திட்டமிட்டால் 45ஆம் நிமிடத்தில் நாலரைப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றில்தான் இருக்கிறீர்கள் என்றால் மீதமுள்ள கருத்துகளில் ஒன்றை அப்போதே விட்டுவிடுங்கள், கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் நெருக்காதீர்கள்.

பொதுஅறிவுத் தாளில் கடிகாரத்தைப் பார்க்க நாலு இடம் போதும். தேர்வு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஐந்தாம் விடை 9.35க்கும், பத்தாவது 10.10க்கும், பதினைந்தாவது 11.00க்கும், இருபதாவது 11.50க்கும் முடிய வேண்டும். 10.10க்கு ஒன்பதில் நின்றால், அடுத்த இரண்டு விடைகளிலும் தலா நான்கைந்து வரியைக் குறைத்தாலே பாதி ஈடாகிவிடும், மீதியைக் கையிருப்பு பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கையிருப்புப் பத்து நிமிடத்தில் புதிய கருத்து எதையும் சேர்க்காதீர்கள். முதல் வேலையாக, எழுதாமல் விட்ட பக்கங்களையும் பக்கத்தின் மீதியையும் தெளிவாகக் கோடிட்டு அடித்துவிடுங்கள். அது வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும் விதி.